பதினாறு நாற்பதில் ஒரு மேடு

தம்பியின் சாவை ஜெபகனி பத்தொன்பதாவது நிமிடத்தில் வைத்தாள். அவள் செய்த பெரிய தவறு அதுதான்.

வைத்தபோது அது தவறாகத் தெரியவில்லை. கனமான பொருள் கடைசியில் வரவேண்டும் என்று அவள் நம்பியிருந்தாள். பதினான்கு வருடம் கல்யாண வீடியோ வெட்டிய கை அது. கல்யாண வீடியோவில் எதை எங்கே வைத்தாலும் பார்க்கிறவர்கள் எழுந்து போகமாட்டார்கள். தன் முகம் எப்போது வரும் என்று ஒவ்வொருவரும் காத்திருப்பார்கள். சொந்த முகம் வராத படத்தை ஒரு மனிதன் எவ்வளவு நேரம் பார்ப்பான் என்ற கேள்வியே அந்தத் தொழிலில் எழுவதில்லை.

இப்போது அவள் வேலை செய்வது ஒரு யூடியூப் சேனலில். பெயர் 'கரைச்சத்தம்'. டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு அறை. நடத்துகிறவன் மகாராஜன், ஏரலில் பலசரக்குக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், இருபத்தொன்பது வயது. கேமரா நௌஃபல், காயல்பட்டினத்துக்காரன். படத்தை வெட்டி ஒட்டுவது ஜெபகனி. கரையில் நடக்கும் தொழில்களைப் பற்றி வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு ஒரு எபிசோடு வரும். அந்த வருடம் எடுத்தது சங்கு குளிப்பவர்களைப் பற்றிய தொடர்.

அந்தத் தொடருக்காகத்தான் அவள் கல்யாண ஸ்டூடியோவை விட்டு இங்கே வந்தாள். அது மகாராஜனுக்குத் தெரியாது.

அவளுடைய தம்பி ஞானதீபம் சங்கு குளித்தவன். காசிலிங்கத்தின் படகில் போவான். படகில் ஒரு கம்ப்ரசர் ஓடும். அது இழுத்துத் தரும் காற்று நீளமான ரப்பர் குழாய் வழியாகக் கடலுக்கடியில் இருப்பவன் வாய்க்குப் போகும். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதக் காலையில் அவன் பதினோரு பாகம், அதாவது அறுபத்தாறு அடி ஆழத்தில் இருந்தபோது குழாயை இழுத்துச் சைகை காட்டவில்லை. மேலே தூக்கியபோது உயிர் இல்லை. நீரில் மூழ்கியவன் உதடு நீலம் பாரித்திருக்கும் என்பார்கள். அவன் உதடு சிவந்திருந்தது. சாயம் பூசிய மாதிரி அப்படி ஒரு சிவப்பு.

கல்லறைத் தோட்டத்து வாசலில், போதகர் பக்கத்தில் நிற்கும்போது, காசிலிங்கம் சொன்னார்: "நல்ல பையந்தான். குடிதான் கொண்டுபோயிட்டு."

இரண்டே வாக்கியம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் படகுக்காரர்கள் வாழும் தெரேஸ்புரம் முழுக்கப் போய்விட்டது. உதட்டுச் சிவப்புக்கும் அதுவே காரணமாகிவிட்டது. ஞானதீபம் குடிக்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்குக்கூட அவன் கேக்கோடு நிறுத்திக்கொள்வான். ஆனால் ஒருவன் செய்யாததை எப்படி நிரூபிப்பது? செத்தவன் எழுந்து வந்து வாயை ஊதிக் காட்ட முடியாது.

ஜெபகனி மன்னிக்கவில்லை. மன்னிக்க முயன்று தோற்றவளும் இல்லை. அவள் முயலவே இல்லை. ஞாயிறு ஆராதனையில் மன்னிப்பைப் பற்றிய வரி வரும்போது வாயை மூடிக்கொள்வாள். மற்ற வரிகளை நேர்மையாகச் சொல்வதற்காகத்தான் அந்த ஒன்றை விட்டதாகப் பிறகு ஒருமுறை சொன்னாள்.

மூன்றாவது எபிசோடில் அவளுக்கு வாய்ப்பு வந்தது. அன்று அதே படகில் இருந்த சேக், இப்போது வேறு படகில் போகிறவர், நௌஃபலின் கேமராவுக்கு முன்னால் தானாகவே பேசினார். "அன்னைக்குக் காத்து திரும்பிட்டு. கம்ப்ரசர் எஞ்சினுக்குச் சைலன்சர் ஒரு பக்கம், காத்து இழுக்குற பில்டர் அதுக்குப் பக்கத்துலயே. புகையத்தான் இழுத்துச்சு. அந்தப் புகையத்தான் அவன் குடிச்சான். புகை குடிச்சவன் ஒதடுதான் அப்படிச் செவக்கும். வேற எதையும் குடிக்கல."

இருபத்திரண்டு நிமிட எபிசோடில் இதைப் பத்தொன்பதாவது நிமிடத்தில் வைத்தாள். மகாராஜனுக்கு அது இறந்துபோன யாரோ ஒருவன். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வெளியிட்டுவிட்டு, போன் அடிக்கும் என்று காத்திருந்தாள்.

யாரும் அடிக்கவில்லை. சனிக்கிழமை காலையில் குழாயடியில் பக்கத்து வீட்டுச் சுடலைச்செல்வியிடம் அவளே கேட்டாள்.

"பாத்தியாளா?"

"பாத்தேங்க்கா. நல்லாருந்துச்சு."

"எதுவரைக்கும் பாத்த?"

"அந்த டால்பின் துள்ளிச்சுல்லா, அதுவரைக்கும்."

"அதுக்குப் பெறவு?"

"அதுக்குப் பெறவும் இருக்கா?" என்றாள் சுடலைச்செல்வி.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் ஜெபகனி முதல் வேலையாகச் சேனலின் யூடியூப் கணக்குப் பக்கத்தைத் திறந்தாள். வெளியிட்டு இரண்டு நாள் ஆனால்தான் கோடு முழுதாக வரும். பார்த்தவர்கள் பதினோராயிரம் என்று இருந்தது. அந்த எண்ணைத்தான் மகாராஜன் எப்போதும் பார்ப்பான். பார்த்துவிட்டுத் தேநீர் சொல்லுவான். அதற்குக் கீழே பார்வையாளர் எந்த நிமிடம்வரை இருந்தார்கள் என்று காட்டும் வரைகோடு இருந்தது. அவள் அதுவரை அதை ஒரு நகையைப் பார்ப்பதுபோல்தான் பார்த்திருந்தாள். அன்றுதான் படித்தாள்.

இடது ஓரத்தில் நூறு விழுக்காடு. முதல் அரை நிமிடத்திலேயே கோடு ஐம்பத்தைந்துக்கு விழுந்திருந்தது. பிறகு மெதுவான இறக்கம். ஏழாவது நிமிடத்தில் மறுபடியும் ஒரு சரிவு. பத்தொன்பதாவது நிமிடத்தில் சுட்டியை வைத்தாள். ஏழு விழுக்காடு என்றது.

நான்கு வருடம் நெஞ்சில் வைத்திருந்ததை அவள் காலி மண்டபத்தில் சொல்லியிருக்கிறாள்.

தண்டனையைப் பற்றி யோசிப்பவர்கள் குற்றவாளியையும் நீதிபதியையும் பற்றியே யோசிக்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் வேண்டும். ஊர் இல்லாத இடத்தில் பழி என்பது வெறும் முணுமுணுப்பு. ஜெபகனி இதை இப்படிச் சொல்லவில்லை. "ஆளில்லாத நேரத்துல அறைஞ்சிருக்கேன்" என்றுதான் நினைத்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் மூன்று எபிசோடுகளின் கோடுகளையும் ஒரு நோட்டில் வரைந்தாள். எந்த நொடியில் இறங்குகிறது, அந்த நொடியில் திரையில் என்ன இருக்கிறது என்று எழுதினாள். சரிவு தொடங்கும் இடத்தில் காரணம் இல்லை என்பது மூன்றாம் நாள் புரிந்தது. அதற்குப் பத்து நொடி முன்னால் இருக்கிறது. மனிதன் சலித்தவுடனே எழுந்திருப்பதில்லை. கொஞ்சம் மரியாதைக்கு உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுகிறான்.

முதல் அரை நிமிடச் சரிவுக்குக் காரணம் மகாராஜன். "அன்பான உறவுகளே, உங்கள் எல்லாருக்கும் கரைச்சத்தத்தின் இனிய வணக்கம்" என்று அவன் இழுத்துச் சொல்லும் வணக்கமும், அதற்குப் பின் சுழன்று வரும் சேனல் சின்னமும். ஏழாவது நிமிடச் சரிவுக்குக் காரணம் டால்பின். வீடியோவின் முகப்புப் படத்தில் டால்பினைப் போட்டிருந்தார்கள். டால்பின் பார்க்க வந்தவர்கள் டால்பினைப் பார்த்தார்கள், போனார்கள். கேட்டது கிடைத்தவன் ஏன் நிற்க வேண்டும்? உயரத்திலிருந்து ட்ரோனில் எடுத்த கடல் வந்த இடமெல்லாம் சின்னச் சின்னப் பள்ளம், தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கோடு தட்டையாக ஓடிய இடங்களில் எல்லாம் யாரோ ஒருவரின் கை ஏதாவது செய்துகொண்டிருந்தது. சங்கைச் சுரண்டியது, கயிறு முடிந்தது, கண்ணாடியில் எச்சில் துப்பித் துடைத்தது.

எதுவும் அவளை மெச்சிக்கொள்ளும்படி இல்லை. தான் அழகு என்று நினைத்ததை ஊர் தள்ளிவிட்டிருந்தது.

இதற்குள் காசிலிங்கமே போன் செய்தார். மூன்றாவது எபிசோடை அவரும் பார்க்கவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. படகு உரிமையாளர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வருகிறதாம். தன்னையும் ஒரு எபிசோடு எடுக்க வேண்டுமாம். மகாராஜன் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டான்.

"அக்கா, அண்ணாச்சி பேசுறதுல ஒரு வரியும் வெட்டக்கூடாது, பாத்துக்கோங்க."

"வெட்டமாட்டேன்," என்றாள் ஜெபகனி. "எங்க வைக்கணும்னு நான் பாத்துக்கிடுதேன்."

நௌஃபல் போய் எடுத்துக்கொண்டு வந்தான். காசிலிங்கம் வெள்ளை வேட்டியில் தன் படகின் மேல்தட்டில் நின்றார். பின்னால் நீலப் பெயின்ட் அடித்துச் சந்தனம் பூசிய கம்ப்ரசர். சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு அவரே அந்தச் சாவுக்கு வந்தார். "நாலு வருசத்துக்கு முந்தி ஒரு பய தண்ணியப் போட்டுட்டு இறங்கிட்டான். நம்ம கம்ப்ரசர்ல ஒரு குத்தம் சொல்லமுடியாது. அந்தா பாருங்க, காத்து இழுக்குற குழாய எம்புட்டு உசரத்துல ஏத்தி வச்சிருக்கேன். அன்னைக்கும் இதே குழாய்தான், இதே மாதிரிதான்."

ஜெபகனி ஒரு வரியும் வெட்டவில்லை. நான்காவது எபிசோடின் முகப்பில் வலம்புரிச் சங்கைப் போட்டாள். அந்தச் சங்கைப் பதிமூன்றாவது நிமிடத்தில் காட்டிமுடித்தாள். அடுத்து ஒரு நிமிடம் ட்ரோன் கடல். அதற்கும் அடுத்து, காசிலிங்கத்தின் ஐந்தரை நிமிடப் பேச்சு, ஒரே நீட்டாக. ஆட்களை வெளியே அனுப்பும் வழி என்னவென்று அவள் நோட்டில் எழுதியிருந்தாள். அதை வரிசையாகச் செய்தாள். தன் தம்பியைப் பற்றிப் பொய் சொன்னவன் காலி மண்டபத்தில் சொல்லட்டும்.

மகாராஜன் முழுதும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்கு நல்ல நீளமா இடம் குடுத்திருக்கீங்கக்கா" என்று மகிழ்ந்தான்.

திங்கட்கிழமை கோடு வந்தது. பதிமூன்றில் சரிந்தது, பதினான்கில் மேலும் சரிந்தது. அவள் கணக்கிட்டபடியே. பதினைந்தில் எட்டு விழுக்காடு. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நௌஃபல் திரும்பிப் பார்த்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது. கோட்டின் வாலில், பதினாறு நாற்பதில், ஒரு மேடு இருந்தது.

எட்டில் போய்க்கொண்டிருந்த கோடு அங்கே பதினெட்டுக்கு ஏறி, பத்து நொடியில் மறுபடியும் எட்டுக்கு இறங்கியது. போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள். ஒரு கோடு நடுவில் ஏறவேண்டுமென்றால் இரண்டே வழி. ஒன்று, புதிதாக வருகிறவர்கள் அந்த இடத்துக்கே நேராகத் தாவுகிறார்கள்; யாராவது அந்த நொடியைக் குறிப்பிட்டு லிங்க் அனுப்பியிருந்தால் அப்படி நடக்கும். அல்லது, இருக்கிறவர்கள் பின்னால் இழுத்து இழுத்து அதையே பார்க்கிறார்கள். எப்படியோ, ஊரில் சிலருக்கு அந்தப் பத்து நொடி வேண்டியிருக்கிறது.

"யாருலே இவ்வளவு பேரு இவரப் போயித் திரும்பத் திரும்பப் பாக்குதது?" என்றாள்.

"அவரு பொண்டாட்டியா இருக்கும்," என்றான் நௌஃபல்.

"அவ பதிமூணுலயே போயிருப்பா."

பதினாறு நாற்பதை ஓடவிட்டாள். காசிலிங்கம் கையை நீட்டிக் குழாயைக் காட்டுகிற இடம் அது. நீலக் கம்ப்ரசர், அதன் பின்னாலிருந்து கிளம்பி கூரைக்கு மேலே போகும் புது வெள்ளைக் குழாய். எட்டு முறை பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கோடு எங்கே என்று சொல்லும். என்ன என்று சொல்லாது. யார் என்று கேட்டால் வாயே திறக்காது.

அதற்கு ஆள் தேவைப்பட்டது. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு இருவரும் தெரேஸ்புரம் போனார்கள். சேக் கரையில் உட்கார்ந்து ரப்பர் குழாயில் ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் திரை தெரியவில்லை என்று படகு நிழலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பார்த்தவர் இருமும் அளவுக்குச் சிரித்தார்.

"நீ இதப் பாக்கத்தான் வருவேன்னு நெனச்சேன் தங்கச்சி. எங்காளுவ எல்லாரும் ரெண்டு நாளா இதத்தான் போன்ல மாத்தி மாத்திப் பாக்குறாங்க."

"எதச் சேக் காக்கா?"

"அந்தக் குழாய் எங்கன போவுது? மேல பாக்காத. கீழ வா." அவருடைய விரல் திரையில் வெள்ளைக் குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. கூரை, தூண், கம்ப்ரசரின் தொட்டி. தொட்டிக்குப் பின்னால் ஒரு நைலான் கயிற்றால் கட்டியிருந்த இடத்தில் குழாய் முடிந்தது. எதிலும் சேரவில்லை. "பாத்தியா? சும்மா நிக்குது. இது குழாயில்ல, கொடிக்கம்பம். காத்து இழுக்குற பில்டர் இந்தா, இங்கன இருக்கு. அதுக்கு முன்னால சைலன்சர். பில்டர் மூஞ்சியப் பாரு, கரி. எல்லாத்துக்கும் நீலம் பூசுனவரு அதுக்குப் பூசல. எது வாய், எது வயிறுன்னே தெரியாத மனுசன். ஒருநாளாவது கீழ இறங்கியிருந்தா குழாய இந்தத் தொட்டியோட கட்டச் சொல்லியிருப்பாரா?"

காசிலிங்கத்தின் கடைசி வரி ஜெபகனியின் காதில் மறுபடியும் ஓடியது. அன்னைக்கும் இதே குழாய்தான், இதே மாதிரிதான்.

அவரே சொல்லிவிட்டார். ஒரு வரியும் வெட்டக்கூடாது என்றுதானே உத்தரவு.

மகாராஜனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். செத்தவன் தன் தம்பி என்பதையும். அவன் நாற்காலியில் சாய்ந்து உத்தரத்தைப் பார்த்தான்.

"இத நீங்க முன்னாலயே சொல்லியிருக்கணும்க்கா."

"சொன்னா வேலைக்கு எடுத்திருக்க மாட்ட."

"இப்பவும் போடமுடியாதுக்கா. அண்ணாச்சி இந்த மாடியில நம்மள உக்கார விடமாட்டாரு."

அவள் வாதாடவில்லை. நோட்டை அவன் முன்னால் திறந்து வைத்தாள். "இது ஒனக்கு. நாலு எபிசோடும் பாரு. நூறு பேரு வாரான். நீ வணக்கம் சொல்லி முடிக்குறதுக்குள்ள நாப்பத்தஞ்சு பேரு போயிடுதான். கடையில ஒங்க அப்பா வாசல்ல நின்னு வணக்கம் சொல்லி நாப்பத்தஞ்சு பேர வெரட்டுனா தாத்தா என்ன சொல்லுவாரு?"

"செருப்பக் கழட்டுவாரு."

"இது பதினாறு நாப்பது. நாம அனுப்பிவச்ச ஆளுவ இல்ல இது. அவங்களா வந்திருக்காங்க. சும்மா கெடக்குற வால்லயே இப்படின்னா, தலையில வச்சா எப்படியிருக்கும்?"

பலசரக்குக் குடும்பத்துப் பையனுக்கு அறத்தைவிடச் சரக்கு எங்கே போகிறது என்பது சீக்கிரம் புரியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அறம் பல நேரம் அந்த வண்டியில் ஏறித்தான் ஊருக்குள் வருகிறது. மகாராஜன் மேட்டின்மேல் விரலை வைத்தான். "அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடுவோம்," என்றான். "கேக்காமப் போட்டோம்னு இருக்கக்கூடாது."

நௌஃபல் போனை ஸ்பீக்கரில் போட்டான். குழாயைப் பற்றிச் சந்தேகம் சொல்லுகிறார்கள், வந்து ஒருமுறை காட்ட முடியுமா என்று கேட்டான். எதிர்ப்பக்கம் கர்ஜித்தது: "எவம்லே கேக்கான்? நான் சொன்னது சொன்னதுதான். அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படித்தான் இன்னைக்கும் இருக்கு. போட்டுக்கோ."

"பதிவாயிட்டு," என்றான் நௌஃபல்.

ஐந்தாவது எபிசோடை ஒன்பது நிமிட நீளத்தில் கட்டினாள். வணக்கம் இல்லை, சின்னம் இல்லை, கடல் இல்லை. முதல் நொடியிலேயே காசிலிங்கத்தின் நீட்டிய கை: அந்தா பாருங்க. எட்டு நொடி. அடுத்து சேக், தான் இப்போது போகும் படகின் கம்ப்ரசருக்குப் பக்கத்தில்: "வாங்க, குழாய் எங்கன போவுதுன்னு பாப்போம்." அவருடைய விரல் ஒழுங்காகப் பொருத்திய குழாயில் மேலிருந்து கீழே இறங்கிப் பில்டரில் போய் முடிந்தது. அதே வேகத்தில், அதே விரல், காசிலிங்கத்தின் படகை நிறுத்திவைத்த படத்தின் மேல் இறங்கத் தொடங்கியது. தூண்வரை வந்ததும் வெட்டினாள். பார்ப்பவன் அந்த விரலோடு இறங்கிக்கொண்டிருக்கும்போது விட்டுவிட்டுப் போகமுடியாது. டால்பின் அவளுக்குக் கற்றுத்தந்தது அது: கொடுத்துவிட்டால் போய்விடுவார்கள், கொடுக்காமல் இழுத்தாலும் போய்விடுவார்கள். புகை என்ன செய்யும், காற்று திரும்பினால் என்ன ஆகும் என்பதை அந்த நடுவிலே சேக் சொல்லி முடித்தார். எங்கே பேச்சு நீண்டதோ, அதற்குப் பத்து நொடி முன்னால் ஒரு கை ஏதாவது செய்யும்படி வைத்தாள். நான்காவது நிமிடத்தில் விரல் நைலான் கயிற்றில் வந்து நின்றது. அங்கே மூன்று நொடி மௌனம். பிறகு காசிலிங்கத்தின் குரல்: இதே குழாய்தான், இதே மாதிரிதான்.

கடைசி நாற்பது நொடி ஞானதீபத்தின் படம். பெயர், வயது. அதற்கு மட்டும் அவள் எந்தக் கணக்கும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வெளியானது. சனிக்கிழமை காலையில் சுடலைச்செல்வி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"யக்கா, அந்தக் கயிறு! எங்க வீட்டு ஆளு மூணு தடவ பாத்துட்டு, 'அட நாசமாப் போறவனே'ன்னு சத்தம் போட்டுட்டு."

திங்கட்கிழமை காலையில் தெரேஸ்புரத்துக் கரையில் நடந்ததை நௌஃபல்தான் வந்து சொன்னான். காசிலிங்கத்தின் படகுக்கு ஆறு பேர் போகவேண்டியது. ஆறு பேரும் வந்தார்கள். ஒவ்வொருவராகக் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் போய், ஒரு விரலை மேலே வைத்து, குழாயைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறக்கினார்கள். கயிறு வந்ததும் நிறுத்தினார்கள். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு இறங்கி வேறு படகுக்குப் போய்விட்டார்கள். புதன்கிழமைக்குள் டீக்கடையில்கூட அவரைக் கண்டால் சிறுபிள்ளைகள் காற்றில் விரலை இறக்கினார்கள். சங்கத் தேர்தலில் அவர் பெயரை முன்மொழிந்தவர் தான் ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் அவரே மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது. மகாராஜன் எழுந்து நாற்காலி போட்டான். ஜெபகனி எழவில்லை.

"எடுத்துரு தாயி," என்றார். அவள் யாரென்று இந்த வாரம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "குழாய சரி பண்ணிட்டேன். நீயே வந்து பாரு."

"சரி பண்ணுனது நல்லது. எடுக்கமாட்டேன்."

"வேற என்னதான் வேணும் ஒனக்கு?"

"கல்லறைத் தோட்டத்துல ஒண்ணு சொன்னியளே அண்ணாச்சி. அத மாத்திச் சொல்லணும். கேமராவுக்கு முன்னால."

அவர் மகாராஜனைப் பார்த்தார். அவன் கணினியைப் பார்த்தான். கீழே மருந்துக்கடையில் யாரோ ஓ.ஆர்.எஸ். கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுதேன்," என்றார் காசிலிங்கம் கடைசியில். "போட்டுக்கோ. ஆனா அந்த வீடியோவுல கடைசியில வையி. அடுத்த வாரம் போடுவியே, அதுல. கடைசியில, ஓரமா."

ஜெபகனி திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஐந்தாவது எபிசோடின் கோடு. அரை நிமிடத்தில் எண்பத்தாறு. அதுவரை அந்தச் சேனல் கண்டிராத உயரம். நான்காவது நிமிடத்தில், கயிறு வரும் இடத்தில், கோடு நூறுக்கு மேலேயே ஏறிப்போயிருந்தது. அங்கே அத்தனை பேர் அத்தனை முறை திரும்பிப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் எட்டரை நிமிடம்வரை நல்ல உயரம்தான். அங்கிருந்து ஒரு மதிலிலிருந்து குதிப்பதுபோல விழுந்தது.

"இந்த மேடு நீங்க, அண்ணாச்சி," என்றாள். "இந்தப் பள்ளம் எந்தம்பி. அவன் போட்டோ வந்த ஒடனே எல்லாரும் போயிட்டான். வேடிக்க முடிஞ்சிட்டுல்லா? கடைசி நொடியில ஒம்பது பேரு இருக்கான், நூத்துக்கு. நான் எம்புட்டோ வருசம் வெட்டுறவ, என்னையே இந்த இடம் கைவிட்டுட்டு. ஒங்களுக்குக் கடைசி எடந்தான் வேணும்னு எப்படித் தெரிஞ்சிச்சு?"

காசிலிங்கம் கோட்டின் வாலைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க வியாபாரம் பார்த்தவர். ஒரு கோட்டைப் பார்த்தால் கூட்டம் எங்கே நிற்கிறது, எங்கே இல்லை என்று அவருக்கும் தெரியும்.

அவளுக்கு இரக்கம் வரவில்லை. வருமோ என்று கொஞ்சம் காத்துப் பார்த்தாள் என்பது உண்மை. ஊர் அவளோடு நின்றது அவள் தம்பிக்காக அல்ல, ஒருவன் விழுவதைப் பார்ப்பதற்காக என்பதும் அந்தக் கோட்டிலேயே இருந்தது. அதை அவள் பார்த்தாள், நோட்டில் எழுதியும் வைத்தாள். ஆனால் விழுகிறவனைப் பார்க்கத்தான் கூட்டம் நிற்கும் என்றால், விழுகிறவன் வாயால்தான் அந்தப் பெயர் வரவேண்டும்.

"மொத நொடியில வைப்பேன்," என்றாள். "ஒரு ஆளும் எந்திரிக்கிறதுக்கு முந்தி."

நௌஃபல் கேமரா முக்காலியை நிறுத்தினான். ஜன்னல் வெளிச்சம் போதுமாக இருந்தது. காசிலிங்கத்தின் சட்டைக்காலரில் மைக்கை மாட்டிவிட்டு, தலையை ஆட்டினான். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார், வேட்டியை இழுத்துவிட்டார், இரண்டு கையையும் கூப்பினார்.

"எல்லாருக்கும் வணக்க..."

"வணக்கம் வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் ஜெபகனி. "வணக்கத்துலதான் ஆளு போவுது. அவன் பேர்ல ஆரம்பிங்க."

கூப்பிய கை பிரிந்தது. பிறகு மடியில் இறங்கியது.

"ஞானதீபம்," என்றார் காசிலிங்கம், "குடிக்கல."